பொடிக் கடைப் பதிவுகளுக்கு இரண்டு நிறம், இரண்டு எழுத்துரு: எதை வைத்துக்கொள்வது?

எங்கள் தெருவில் ஓர் அக்கா வீட்டிலேயே பொடி அரைத்து விற்கிறார். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, பூண்டுப் பொடி, கறிவேப்பிலைப் பொடி. ஆர்டர் எல்லாம் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும்தான் வருகிறது. பதிவுகளைக் கேன்வாவின் இலவசக் கணக்கில், கைபேசியிலேயே செய்கிறார். பொடி அருமையாக இருக்கும். ஆனால் பக்கத்தைத் திறந்தால் ஒரு பதிவு ஊதா, அடுத்தது ரோஸ், அதற்கடுத்தது கறுப்பில் தங்க எழுத்து. ஒவ்வொரு முறையும் பிடித்த டெம்ப்ளேட்டை எடுத்து எழுத்தை மட்டும் மாற்றுவதால் வரும் விளைவு இது. ஸ்டேட்டஸை வேகமாகத் தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கு, பெயரைப் படித்தால் ஒழிய இது அவருடைய பொடி என்று தெரியாது.

இரண்டு நிறம், இரண்டு எழுத்துரு என்று தீர்மானித்துவிட்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். எந்த இரண்டு என்பதுதான் கேள்வி. அவருக்காக உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். பொடிக்குப் பொருந்துவது ஊறுகாய்க்கும் செக்கு எண்ணெய்க்கும் பெரும்பாலும் பொருந்தும். சேலைக் கடைக்கு முழுதும் பொருந்தாது, அங்கே சரக்கே ஆயிரம் நிறத்தில் இருக்கும்.

முதலில் இலவசக் கணக்கின் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். சொந்த எழுத்துருவை ஏற்றுவது கட்டணக் கணக்குக்கு மட்டும்தான். பிராண்டின் நிறம், எழுத்துரு, லோகோ எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேமித்து வைக்கும் வசதியும் முழுமையாகக் கிடைப்பது காசு கட்டினால்தான். ஆகவே பட்டியலில் கிரீடக் குறி இல்லாத எழுத்துருக்களில் இருந்துதான் எடுக்க வேண்டும், நிறத்தின் எண்ணை நாமேதான் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இது பெரிய குறை இல்லை. தமிழுக்கு நல்ல எழுத்துருக்கள் பல இலவசப் பட்டியலிலேயே இருக்கின்றன.

நிறம்: மஞ்சள் முடிவாகிவிட்டது, ஜோடி எது?

ஒரு நிறத்தில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. மஞ்சள் வேண்டும். அதுவும் பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள் இல்லை, கடுகு அரைத்த மாதிரி கொஞ்சம் அழுத்தமான மஞ்சள். #F2B705 என்று எடுத்தோம். அந்த ஆறு எழுத்தும் எண்ணும்தான் நிறத்தின் விலாசம். கேன்வாவில் நிறப் பெட்டியைத் திறந்து இதைத் தட்டினால் எந்தக் கைபேசியிலும் அதே மஞ்சள்தான் வரும். கண்ணால் பார்த்துப் பொட்டு வைப்பதுபோல் விரலால் தொட்டு எடுத்தால் ஒவ்வொரு முறையும் சற்றுத் தள்ளிப் போகும்.

மஞ்சளோடு சேர்க்க மூன்று நிறங்கள் போட்டிக்கு வந்தன: மிளகாய்ச் சிவப்பு (#D62828), அரக்குச் சிவப்பு (#6B1E23), அடர் பச்சை (#1F4D3A). மூன்றுமே சமையலறையில் புழங்குகிற நிறங்கள், மூன்றுமே மஞ்சளுக்குப் பக்கத்தில் அழகாகத்தான் இருக்கும். அழகை மட்டும் வைத்துப் பார்த்தால் பேச்சு முடியவே முடியாது. அதனால் அந்த இரண்டு நிறமும் பதிவில் என்ன வேலை செய்யப்போகின்றன என்று கேட்டோம்.

இரண்டு நிறங்களில் ஒன்று எழுத்தைச் சுமக்க வேண்டும். விலை, எடை, ஆர்டர் எண் எல்லாம் அந்த நிறத்தில்தான் வரும், அல்லது அந்த நிறத்தின் மேல் வரும். மஞ்சளால் இந்த வேலையைச் செய்ய முடியாது. வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்தும் சரி, மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்தும் சரி, வெயிலில் கைபேசியைப் பார்க்கிறவருக்குத் தெரியாது. இதை அளந்தும் பார்க்கலாம். இரண்டு நிறங்களின் வெளிச்ச வித்தியாசத்தை ஒரு விகிதமாகச் சொல்லும் கணக்கு இருக்கிறது. இணையப் பக்கங்களுக்கான அணுகல்தன்மை நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்கு இந்த விகிதம் குறைந்தது 4.5 இருக்க வேண்டும் என்கிறது, பெரிய எழுத்துக்கு 3 போதும். WebAIM Contrast Checker என்று தேடினால் வரும் பக்கத்தில் இரண்டு நிற எண்களைப் போட்டால் விகிதத்தை உடனே சொல்லிவிடும். நம் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் வருவது சுமார் 1.8 தான். ஆகவே மஞ்சள் பட்டையாக, வட்டமாக, அடிக்கோடாக இருக்கலாம், ஆனால் வெளிர் பின்னணியில் எழுத்தாகக் கூடாது. ஜோடியாக வரும் நிறம்தான் எழுத்துப் பாரத்தைச் சுமக்கும்.

மிளகாய்ச் சிவப்பு வெள்ளையின் மேல் 5 வருகிறது, தேறிவிடுகிறது. ஆனால் மஞ்சளின் மேல் வைத்தால் 2.75 தான். அதாவது நம்முடைய இரண்டு நிறங்களையே ஒன்றன்மேல் ஒன்று வைத்து எழுத முடியாது. தீபாவளி பட்டாசுப் பெட்டியில் சிவப்பும் மஞ்சளும் எப்படிப் பளபளக்கின்றன என்று கேட்கலாம். அங்கே எழுத்தைச் சுற்றிக் கறுப்பிலோ வெள்ளையிலோ கோடு இழுத்திருப்பார்கள். கோடு இல்லாமல் அந்த ஜோடி நிற்பது கஷ்டம்.

வாட்ஸ்அப்பில் போடும்போது இது இன்னும் மோசமாகும். படத்தை அனுப்பும்போது அது சுருக்கப்படுகிறது. அப்படிச் சுருக்கும் முறையில், வெளிச்ச விவரத்தைக் கூடியவரை வைத்துக்கொண்டு நிற விவரத்தைத்தான் அதிகம் வெட்டுவார்கள், ஏனென்றால் நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைத்தான் கூர்மையாகப் பிடிக்கும். நிற வித்தியாசத்தை மட்டும் நம்பி நிற்கிற எழுத்தின் ஓரம் அங்கே கலங்கிப்போகும். மஞ்சளின் மேல் மிளகாய்ச் சிவப்பில் எழுதிய “250 கிராம்” ஸ்டேட்டஸில் ஓரம் நைந்து தெரிவது இதனால்தான். வெளிச்ச வித்தியாசம் நிறைய உள்ள ஜோடி சுருக்கினாலும் தாக்குப்பிடிக்கும்.

அந்தக் கணக்கில் அரக்கு நன்றாகவே தேறியது. மஞ்சளின் மேல் 6.3, வெள்ளையின் மேல் 11க்கும் மேல். கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரம், அரக்குப் புடவை என்று பாரம்பரிய மணமும் வந்துவிடும். நானாக இருந்தால் இரண்டு வருடம் முன்பு இதையே எடுத்திருப்பேன். இப்போது ஒரு தடை இருக்கிறது. 2024 ஆகஸ்டில் தமிழக வெற்றிக் கழகம் அறிமுகப்படுத்திய கொடி மேலும் கீழும் அடர் சிவப்பு, நடுவில் மஞ்சள். ஊரெல்லாம் அந்த நிறத்தில் பேனரும் கொடியும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அரக்கும் மஞ்சளும் பட்டை பட்டையாக வந்தால் முதலில் நினைவுக்கு வருவது பொடி இல்லை. கட்சி பிடித்தவர், பிடிக்காதவர் இருவருமே நம் வாடிக்கையாளர்கள்தான். பொடி விற்கிறவர் அந்தப் பேச்சுக்குள் நுழைய வேண்டிய அவசியம் என்ன?

தமிழ்நாட்டில் இரட்டை நிறம் எடுக்கிற எவரும் இதைப் பார்த்தே ஆக வேண்டும். கறுப்பும் சிவப்பும் என்றால் திராவிட இயக்கம். நீலம், மஞ்சள், சிவப்பு மூன்றும் சேர்ந்தால் பாட்டாளி மக்கள் கட்சி. காவி தனியாக வந்தாலே பொருள் சொல்லும். இது போக, சில ஊர்களில் சில ஜோடி நிறங்கள் சாதிச் சங்கங்களின் அடையாளமாகவும் இருக்கின்றன. வெளிநாட்டு டிசைன் பக்கங்கள் தரும் நிற அட்டவணைகளில் இந்த விவரம் இருக்காது. எடுத்த ஜோடியைப் பட்டையாக வரைந்து, எழுத்தே இல்லாமல், ஊர்க்காரர் இரண்டு பேரிடம் காட்டி “இது என்னன்னு தோணுது?” என்று கேட்டால் போதும். பதில் உடனே வந்துவிடும்.

அடர் பச்சை மஞ்சளின் மேல் 5.3, வெள்ளையின் மேல் 9.6. அரக்கைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனாலும் தாராளம். இங்கே அடர் பச்சை என்பதில் அழுத்தம் “அடர்” மேல்தான். இயற்கை அங்காடிகள் எல்லாம் வைக்கிற இலைப் பச்சையை, உதாரணமாக #4CAF50 ஐ, எடுத்தால் வெள்ளையோடு 2.8 தான் வரும், மஞ்சளோடு 1.5. பச்சை என்று பொதுவாகச் சொல்லி எடுத்தால் பத்தோடு பதினொன்றாகப் போவதோடு எழுத்தும் தெரியாது. கிட்டத்தட்ட கறுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற, வாழை இலையின் நடுநரம்பு ஓரத்து நிழலில் தெரிகிற பச்சைதான் வேண்டும்.

அக்காவுக்கு உடனே மனம் ஒப்பவில்லை. “சிவப்பு இல்லாம போட்டா காரப் பொடின்னு எப்படித் தெரியும்?” என்றார். நியாயமான கேள்வி. பதில் படத்தில் இருக்கிறது. உணவுப் பதிவில் புகைப்படம்தான் மூன்றாவது நிறம், அதுவும் எல்லாவற்றையும்விடப் பெரிய நிறம். இட்லிப் பொடி செம்பழுப்பு, அதில் அங்கங்கே மிளகாய்த் தோலின் சிவப்பு. இதைச் சுற்றி மிளகாய்ச் சிவப்பில் பட்டை போட்டால், பளீரென்ற சிவப்புக்குப் பக்கத்தில் பொடி மங்கலாக, பழையதாகத் தெரியும். அதே படத்தைச் சுற்றி அடர் பச்சை வைத்தால் பொடியின் சிவப்பு எழுந்து நிற்கும். எதிர் எதிர் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்பதால் வரும் மாற்றம் இது. இரண்டு பட்டைக்கும் நடுவே ஒரே படத்தை மாற்றி மாற்றி வைத்துக் காட்டியதும் அக்கா வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆனால் நான்கு சரக்கும் ஒரே மாதிரி இல்லை. கறிவேப்பிலைப் பொடி கரும்பச்சை, அடர் பச்சைப் பின்னணியில் காணாமல் போய்விடும். பருப்புப் பொடி வெளிர் மஞ்சள், நம் மஞ்சளோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே கறிவேப்பிலைப் பொடிக்குப் பின்னணி மஞ்சள், பருப்புப் பொடிக்கும் மற்ற இரண்டுக்கும் பச்சை என்று வைத்துக்கொண்டோம். அதே இரண்டு நிறம்தான், இடம் மட்டும் மாறுகிறது. இப்படி இடம் மாற்றிப் போட முடிவதே, இரண்டு நிறத்துக்கும் நடுவே வெளிச்ச வித்தியாசம் போதுமான அளவு இருப்பதால்தான்.

இந்த இரண்டும் தவிர, எழுத்து நிறைய வரும் பதிவுகளுக்கு ஒரு வெளிர் பின்னணி தேவைப்படும். சுத்த வெள்ளைக்குப் பதில் சந்தன வெள்ளை, #FFF8E7. இது மூன்றாவது நிறம் ஆகாதா என்றால், காகிதத்தை யாரும் நிறம் என்று எண்ணுவதில்லை. இதன் மேல் பச்சை எழுத்துக்கு 9 வருகிறது.

அரக்குதான் சரி என்று சொல்லக்கூடிய இடமும் உண்டு. சரக்கு வெளிர் நிறமாக இருந்து (தேங்காய் எண்ணெய், அப்பளம், சேமியா மாதிரி), வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தால், அரக்கோடு சந்தன வெள்ளையை வைத்து மஞ்சளை விட்டுவிடலாம். மிளகாய்ச் சிவப்பை நான் எந்த உணவுக் கடைக்கும் இரண்டில் ஒன்றாகச் சொல்ல மாட்டேன். “இன்று மட்டும்” என்று ஒரு சின்ன வில்லையில் போட அது நல்ல நிறம், அன்றாடத்துக்கு இல்லை.

எழுத்துரு: தமிழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

எழுத்துருவில் ஏமாற்றம் வேறு மாதிரி வரும். டெம்ப்ளேட்டில் Poppins அல்லது Montserrat இருக்கும். ஆங்கில எழுத்து அழகாக இருக்கும். அதை அழித்துவிட்டுத் தமிழில் தட்டினால் தமிழும் வரும், அதனால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அந்த இரண்டு எழுத்துருவிலும் தமிழே கிடையாது. இல்லாத எழுத்துக்குக் கருவி தன்னிடம் இருக்கிற வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்து ஒட்டிவிடுகிறது. நாம் தேர்ந்தெடுத்தது ஒன்று, திரையில் இருப்பது வேறொன்று.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு தமிழ்ச் சொல்லைத் தட்டிவிட்டு, பட்டியலில் நான்கைந்து எழுத்துருக்களை மாற்றி மாற்றித் தொடுங்கள். பெயர் மாறியும் தமிழின் வடிவம் கொஞ்சமும் மாறவில்லை என்றால் அவற்றில் தமிழ் இல்லை. மாறினால் இருக்கிறது. அப்புறம் இந்த வரியைத் தட்டிப் பார்க்க வேண்டும்:

```
கொள்ளு பௌடர் ஸ்ரீ ஞாயிறு ழூ ₹175 / 250g
```

ஒற்றைக்கொம்பும் காலும் எழுத்தைச் சரியாக அணைத்து நிற்கின்றனவா, புள்ளி புள்ளியாக ஒரு வெற்று வட்டம் எங்காவது எட்டிப் பார்க்கிறதா, ஸ்ரீ ஒரே எழுத்தாக வருகிறதா, ரூபாய்க் குறி அதே எழுத்துருவில் வருகிறதா அல்லது அது மட்டும் ஒல்லியாக வேறு சாயலில் நிற்கிறதா என்று பாருங்கள். விலை போடாத பொடிப் பதிவு இல்லை என்பதால் ரூபாய்க் குறி முக்கியம். அதோடு 1, 7 இரண்டும் குழம்பாமல் தெரிய வேண்டும்.

தமிழும் ஆங்கிலமும் எண்ணும் ஒரே எழுத்துருவுக்குள் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என்று வைத்தால் தலைப்புக்கு இரண்டு, உள்வரிக்கு இரண்டு என்று நான்காகிவிடும். “இரண்டு எழுத்துரு” என்று சொல்லிக்கொள்வதில் பொருள் இருக்காது.

இந்தச் சல்லடையில் நின்றவற்றில் மூன்று வழிகளை வைத்துப் பார்த்தோம்.

ஒன்று, ஒரே குடும்பத்தில் இரண்டு தடிமன். Catamaran இதற்கு நல்ல உதாரணம். மிக ஒல்லி முதல் மிகத் தடிப்பு வரை ஒன்பது தடிமன் இருக்கிறது. தலைப்புக்குத் தடிப்பு, உள்வரிக்குச் சாதாரணம் என்று வைத்தால் பொருத்தம் பற்றிக் கவலையே இல்லை. தவறு செய்யவே முடியாத வழி இது. ஆனால் அதன் வடிவம் நவீனமாக, கொஞ்சம் அலுவலகத்தனமாக இருக்கும். பயிற்சி வகுப்பு, கணக்குத் தணிக்கை, மருந்தகம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுக்கச் சொல்வேன். வீட்டுப் பொடிக்குக் கொஞ்சம் விறைப்பு.

இரண்டாவது, கையெழுத்துச் சாயல். Kavivanar சாய்ந்த கையெழுத்து மாதிரி இருக்கும், பாட்டி எழுதி வைத்த சமையல் குறிப்பு என்ற எண்ணம் உடனே வரும். அக்காவுக்கு முதலில் பிடித்தது இதுதான். இதில் தடிமன் ஒன்றே ஒன்று. பொத்தானில் தடிப்பு வேண்டும் என்று அழுத்தினாலும் வராது. கோடுகள் மெலிதாக இருப்பதால் புகைப்படத்தின் மேல் வைத்தால் பொடித் துகளோடு கலந்துவிடும். பாக்கெட்டின் ஓரத்தில் “வீட்டுப் பக்குவம்” என்று இரண்டு சொல் எழுத அழகு, தலைப்பாகத் தூக்கி நிறுத்தப் போதாது.

மூன்றாவது, தலைப்புக்குத் தடித்த உருண்டை எழுத்து, உள்வரிக்குத் தெளிவான எளிய எழுத்து. Baloo Thambi 2, Mukta Malar. இரண்டையும் செய்தது மும்பையின் எக் டைப் குழு. இந்திய எழுத்துகளுக்காகவே வேலை செய்கிறவர்கள் என்பதால், தமிழ் ஆங்கிலத்துக்குத் துணையாக ஒட்டவைத்தது போல இருக்காது. Baloo வின் முனைகள் மழுங்கி, உடல் கொழுகொழு என்று இருக்கும். “பூண்டுப் பொடி” என்று பெரிதாக எழுதினால் சாப்பாட்டு விஷயம் என்று எழுத்தே சொல்லிவிடும். Mukta Malar அடக்கமானது, ஏழு தடிமன் உண்டு, சிறிய அளவிலும் ண, ன, ஞ குழம்பாது. அக்கா பதிவுகளுக்கு இதைத்தான் முடிவு செய்தோம்.

பட்டியலில் Baloo Thambi என்று எண் இல்லாமலும் கண்ணில் படலாம். அது முதல் வெளியீடு, தடிமன் ஒன்றுதான். 2 என்று முடிவதில் ஐந்து இருக்கிறது.

இந்த ஜோடிக்கும் எல்லை உண்டு. Baloo வைத் தலைப்பைத் தாண்டிக் கீழே விடக் கூடாது. தடித்த தமிழ் எழுத்தைச் சிறிதாக்கினால் ண, ழ, இ போன்றவற்றின் உள்ளே இருக்கும் இடைவெளி அடைபட்டுக் கறைபோல் ஆகிவிடும். மூன்று நான்கு சொல்லுக்கு மேல் போகும் தலைப்பும் இதற்கு ஆகாது, தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் இரண்டு வரி மூன்றாகி, படத்துக்கு இடம் இல்லாமல் போகும். “கைக்குத்தல் முறையில் அரைத்த நாட்டுப் பூண்டுப் பொடி” என்பதில் Baloo வில் வர வேண்டியது “பூண்டுப் பொடி” மட்டும்தான். மற்றது அதற்கு மேல் Mukta Malar இல் ஒரு வரி.

எந்த எழுத்துருவாக இருந்தாலும் இரண்டு அளவைக் கவனிக்க வேண்டும். முதலாவது வரி இடைவெளி. ஆங்கிலத்துக்கு 1.2 போதும் என்றால் தமிழுக்கு 1.4 ஆவது வைக்க வேண்டும், ஏனென்றால் நம் எழுத்து மேலேயும் கீழேயும் நீளும். மேல்வரியில் “ளு”, “ழு” என்று கீழே இறங்குகிற எழுத்தும், கீழ்வரியில் “கி”, “மீ” என்று மேலே ஏறுகிற சுழியும் ஒரே நேர்க்கோட்டில் வந்தால் முட்டிக்கொள்ளும். இரண்டாவது எழுத்திடை வெளி. ஆங்கிலப் பெரிய எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பகட்டாகக் காட்டும் டெம்ப்ளேட்டுகள் நிறைய. அதில் தமிழைப் போட்டால் “பொ” வின் கொம்பும் காலும் ப வை விட்டு விலகி, படிக்கிறவர் எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கும். டெம்ப்ளேட்டை எடுத்ததும் அந்த எண்ணை 0 ஆக்கிவிடுங்கள்.

குறைந்த எழுத்தளவு எவ்வளவு என்பதற்கு நான் எண் சொல்வதில்லை. பதிவைக் கைபேசிக்கு அனுப்பி முழுத்திரையில் திறந்து பாருங்கள். மிகச் சிறிய வரி, வாட்ஸ்அப்பில் வரும் சாதாரணச் செய்தியின் எழுத்தைவிடச் சிறிதாக இருந்தால் பெரிதாக்குங்கள் அல்லது அந்த வரியையே எடுத்துவிடுங்கள்.

இலவசக் கணக்கில் இதைக் கட்டிக் காப்பது

முடிவு செய்ததைச் சேமிக்க ஒரே ஒரு கோப்பு போதும். “மூலம்” என்று பெயரிட்டு ஒரு வடிவமைப்பைத் திறந்து, முதல் பக்கத்தில் மூன்று கட்டம் வரைந்து மூன்று நிற எண்ணையும் கொடுத்து, பக்கத்திலேயே அந்த எண்களை எழுத்தாகவும் எழுதி வையுங்கள். கீழே தலைப்பு ஒரு வரி, உள்வரி ஒன்று, விலை ஒன்று. அடுத்த பக்கங்களில் பொடி அறிமுகம், விலைப் பட்டியல், விடுமுறை அறிவிப்பு என்று அடிக்கடி போடும் பதிவுகளின் மாதிரி. புதுப் பதிவு வேண்டும்போதெல்லாம் டெம்ப்ளேட் கடலுக்குள் இறங்காமல், இந்தக் கோப்பைப் பிரதி எடுத்து, வேண்டிய பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்புக்குள் இருக்கும் நிறங்கள் எல்லாம் நிறப் பெட்டியின் மேற்பகுதியில் தானாகவே வரிசையாக நிற்கும். பிரதியிலும் அப்படியே வரும். காசு கட்டாமலேயே கிடைக்கிற நிறப் பெட்டி அது.

மிகவும் பிடித்த டெம்ப்ளேட் ஒன்று கண்ணில் பட்டால் விட வேண்டியதில்லை. அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு நிறத்தை மாற்றியதும், அதே நிறம் வந்த எல்லா இடத்திலும் மாற்றவா என்று கேட்கும் பொத்தான் (Change all) தோன்றும். எழுத்துருவுக்கும் அதே வசதி இருக்கிறது. அடர்ந்த நிறங்கள் எல்லாவற்றையும் பச்சைக்கும், பளிச்சென்றவற்றை மஞ்சளுக்கும், வெளிர் நிறங்களைச் சந்தன வெள்ளைக்கும் திருப்பிவிட்டால் அந்நிய டெம்ப்ளேட் நம்முடையதாகிவிடும். மாற்றியும் பொருந்தாமல் அசிங்கமாக நின்றால், அந்த டெம்ப்ளேட் நிறத்தின் அழகில்தான் நின்றது என்று பொருள். அதை விட்டுவிடலாம்.

மாற்றியது சரியா என்று பார்க்க, கைபேசியின் அணுகல்தன்மை அமைப்புகளில் திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும் வசதி இருக்கும், அதைப் போட்டுப் பதிவைப் பாருங்கள். நிறம் போன பிறகும் விலை சட்டென்று படிக்க வந்தால் தேறிவிட்டது. அப்புறம் நிறத்தைத் திருப்பிக்கொண்டு இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்து, ஒன்பது பதிவு ஒரே பார்வையில் விழும்படி தள்ளி நின்று பாருங்கள். எது மட்டும் துருத்திக்கொண்டு தெரிகிறதோ அதில் ஏதோ ஒரு நிறம் அல்லது எழுத்துரு உள்ளே புகுந்திருக்கிறது. பெரும்பாலும் அது ஸ்டிக்கரோடு வந்த நிறமாக இருக்கும்.

பண்டிகை வந்தால் ஆசை வரத்தான் செய்யும். பொங்கலுக்குக் கரும்பு ஊதா, கிறிஸ்துமஸுக்குச் சிவப்பு. படத்தில், சின்னப் பூவில், கோலத்தில் அந்த நிறங்களை விடலாம். பின்னணியும் எழுத்தும் நம் நிறத்திலேயே இருக்கட்டும். ரமலான் வாழ்த்துக்கு அக்காவுக்கு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை, பச்சை கையிலேயே இருந்தது.

பாக்கெட் லேபிள் அச்சடிக்கும்போது இரண்டு விஷயம் மாறும். திரையில் ஒளியால் வரும் நிறம் காகிதத்தில் மையால் வரும்போது மங்கும், அடர் பச்சை இன்னும் கறுக்கும். அச்சகத்துக்கு ஏற்ற நிற முறையில் கோப்பைத் தரவிறக்குவது கேன்வாவில் கட்டண வசதி. அதனால் சாதாரண PDF ஐக் கொடுத்து, முழு ஆர்டருக்கு முன் அதே தாளில் ஒரே ஒரு லேபிள் அச்சடித்து வாங்குங்கள். பச்சை கறுப்பாகவே தெரிந்தால் லேபிளுக்கு மட்டும் ஒரு படி வெளுத்த பச்சையைக் கொடுக்கலாம். எழுத்துருவைப் பொறுத்தவரை, Baloo Thambi 2, Mukta Malar இரண்டும் fonts.google.com இல் இலவசம், வணிகப் பயன்பாட்டுக்கும் உரிமம் உண்டு. அச்சகத்தில் பழைய முறைத் தமிழ் எழுத்துரு மட்டும் வைத்துக்கொண்டு “எங்ககிட்ட இருக்கிறதுல போட்டுத் தரோம்” என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். PDF இல் எழுத்து ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, அவர்கள் மறுபடி தட்டச்சு செய்யத் தேவையே இல்லை.